பாதி படம், பாதி எழுத்து: ஒரு ஸ்லைடில் ஒரே ஒரு கருத்து

ஸ்லைடை நட்டநடுவே மேலிருந்து கீழாக இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் விளிம்பு வரை நிறைந்த ஒரு புகைப்படம். மறுபாதியில் ஒரே நிறத் தளம், அதன் மேல் ஒரு வாக்கியம். ஸ்பிளிட் ஸ்கிரீன் என்று வடிவமைப்பாளர்கள் சொல்வது இதைத்தான். பார்க்க எளிமையாக இருக்கும். பவர்பாயின்டில் ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். ஆனாலும் பல ஸ்லைடுகளில் படம் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் கிடப்பதைப் பார்க்கிறோம். கோடு சரியாக நடுவில்தான் இருக்கும், வேலை மட்டும் நடந்திருக்காது.

காரணம், இந்த அமைப்பின் பலம் கோட்டில் இல்லை. இரண்டு பாதிகளும் இரண்டு வெவ்வேறு விஷயங்களைச் சொல்ல வேண்டும். அந்த இரண்டும் பார்ப்பவரின் மனதில் மோதி மூன்றாவதாக ஒன்று பிறக்க வேண்டும். படத்தில் இருப்பதையே எழுத்தும் திரும்பச் சொன்னால் அது படத்துக்கு அடியில் போடும் குறிப்புதான். அதற்குப் பாதி ஸ்லைடைக் கொடுக்கத் தேவையில்லை.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை செய்து பார்ப்போம்.

எதைச் சொல்லப் போகிறோம்

கால்நடை வளர்ப்பவர்கள் கூடும் ஒரு கூட்டத்தில் பாறு கழுகுகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பிணந்தின்னிக் கழுகு என்றும் இவற்றைச் சொல்வார்கள். நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. இந்தியாவில் ஒரு காலத்தில் மிகச் சாதாரணமாகக் காணப்பட்ட வெண்முதுகுப் பாறு, 1992-க்கும் 2007-க்கும் இடையில் 99.9 சதவீதம் அழிந்தது. மாடுகளுக்கு வலி நிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசிதான் இந்த அழிவுக்கு முக்கியக் காரணம். மருந்து உடலில் இருக்கும்போதே மாடு இறந்து, அதன் இறைச்சியைக் கழுகு தின்றால், கழுகின் சிறுநீரகம் செயலிழக்கும். யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளையாகப் படிந்து பறவை இறந்துபோகும். 2004-இல் இதை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு இந்த மருந்தைத் தடை செய்தது.

இவ்வளவையும் பேச்சில் சொல்லலாம். ஸ்லைடில் எது வர வேண்டும்? தடை, ஆண்டு, சிறுநீரகம் எல்லாவற்றையும் ஏற்றினால் மறுபடியும் புள்ளி வைத்து எழுதிய பட்டியலில்தான் போய் நிற்போம். கேட்பவர் வீட்டுக்குப் போனபிறகும் நினைவில் இருக்க வேண்டிய ஒரு வரி எது என்று கேட்டால், எனக்குக் கிடைக்கும் பதில் இது: ஒரு சின்ன மருந்துக் குப்பி, ஆயிரம் கழுகுகளில் ஒன்றை மட்டும் விட்டுவைத்தது. இந்த வரிக்குள்ளேயே ஒரு முரண் இருக்கிறது. சின்னது, பெரியது. தொழுவத்தில் தினமும் பார்க்கும் பொருள், நாடு முழுக்க நடந்த அழிவு. இப்படி இரண்டு முனைகள் உள்ள கருத்துக்குத்தான் பாதிப் பிரிப்பு பொருந்தும். “கழுகுகளைக் காப்போம்” என்ற வரிக்கு ஒரே முனைதான். அதை எந்தப் படத்தோடு வைத்தாலும் மோதல் வராது.

எந்தப் படம்

இந்த இடத்தில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். எழுத்துப் பாதியில் “ஆயிரத்தில் ஒன்று” என்று பெரிதாகப் போடுவதாக முடிவு செய்துவிட்டோம். அதற்கு எதிர்ப்பக்கம் வைக்க மூன்று படங்கள் கைவசம் இருக்கின்றன.

முதலாவது, வெறும் வானத்தில் தனியாகப் பறக்கும் ஒரு கழுகு. அழகான படம், எல்லாரும் முதலில் கை வைப்பது இதில்தான். ஆனால் எழுத்து “ஒன்று” என்கிறது, படமும் ஒன்றைக் காட்டுகிறது. சொன்னதையே சொல்லியாயிற்று. பார்ப்பவருக்கு இணைத்துப் பார்க்க வேலையே இல்லை.

இரண்டாவது, கூட்டமாக உட்கார்ந்திருக்கும் கழுகுகளின் பழைய படம். இது பரவாயில்லை. படத்தில் ஏராளம், எழுத்தில் ஒன்று. முன்பு இருந்ததும் இன்று இல்லாததும் மோதுகின்றன. இழப்பை உணர்த்த வேண்டும் என்றால் இதையே எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, உள்ளங்கையில் வைத்த ஒரு மருந்துக் குப்பி. படத்தில் கழுகே இல்லை. இடப்பக்கம் குப்பி, வலப்பக்கம் “ஆயிரத்தில் ஒன்று”. பார்ப்பவருக்கு ஒரு நொடி ஒன்றும் புரியாது. அந்த ஒரு நொடி நமக்கு வேண்டும். அடியில் உள்ள சின்ன வரியை அவர் கண் தேடிப் போகும்: “மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசிக்குப் பிறகு மிஞ்சிய வெண்முதுகுப் பாறு, 1992–2007.” அப்போது படமும் எண்ணும் ஒன்றாகச் சேரும். படம் காரணத்தைச் சொல்கிறது, எழுத்து விளைவைச் சொல்கிறது.

இந்தக் கூட்டத்துக்கு நான் மூன்றாவதைத்தான் எடுப்பேன். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் அந்தக் குப்பியைக் கையில் பிடித்தவர்கள். பறவை ஆர்வலர்களின் கூட்டம் என்றால் இரண்டாவது படம் இன்னும் ஆழமாகத் தைக்கலாம். கருத்து அதேதான், கேட்பவரைப் பொறுத்து படம் மாறும்.

குப்பியைப் படமெடுக்கும்போது மருந்து நிறுவனத்தின் பெயர் தெரியாதபடி திருப்பி வைத்து எடுங்கள். பெயர் தெரிந்தால் பேச்சு அந்த நிறுவனத்தைப் பற்றியதாகிவிடும். ஜன்னல் பக்கத்தில், பக்கவாட்டு வெளிச்சத்தில், பின்னால் ஒரு கறுத்த போர்வையோ இருட்டான அறையோ இருக்கும்படி போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தால் போதும். பின்புலம் ஏன் இருட்டாக இருக்க வேண்டும் என்பதற்கு நிறத்தைப் பற்றிப் பேசும்போது வருகிறேன்.

வெட்டும் கணக்கு

இன்றைய ஸ்லைடுகள் பெரும்பாலும் 16:9 விகிதம். அதன் பாதி 8:9, அதாவது கிட்டத்தட்ட ஒரு சதுரம், உயரம் மட்டும் கொஞ்சம் கூடுதல். கேமராவிலோ போனிலோ எடுக்கும் படம் எதுவும் இந்த வடிவத்தில் வராது. ஆகவே வெட்டித்தான் ஆக வேண்டும்.

போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் 3:4 விகிதத்தில் இருக்கும். அதை 8:9 ஆக்க, உயரத்தில் ஆறில் ஒரு பங்கு போனால் போதும். கேமராவில் படுக்கை வாட்டில் எடுத்த 3:2 படம் என்றால் அகலத்தில் நூற்றுக்கு 41 பங்கு போய்விடும். வரிசையாக நிற்கும் யானைக் கூட்டத்தை அப்படி வெட்டினால் பாதி யானைகள் வெளியே போகும். அதனால் படமெடுக்கும்போதே பாதிப் பிரிப்புக்குத்தான் என்று தெரிந்தால் நிமிர்த்தி எடுப்பது நல்லது.

பவர்பாயின்டில் 16:9 ஸ்லைடின் அளவு 33.87 × 19.05 செ.மீ. பாதி என்றால் 16.93 செ.மீ. அகலம். நம் குப்பிப் படத்தை உள்ளே கொண்டுவந்து, அகலத்தை 16.93 ஆக்குங்கள். உயரம் தானாக 22.57 ஆகும். இப்போது Crop எடுத்து மேலும் கீழுமாக 3.52 செ.மீ. வெட்டினால் உயரம் 19.05-இல் வந்து நிற்கும். மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்பது உங்கள் கையில். குப்பியின் மூடி மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கக் கூடாது, கையின் மணிக்கட்டு கீழ் விளிம்பில் பாதியாக அறுபடவும் கூடாது. பிறகு படத்தை இடது மூலையில் ஒட்டுங்கள். மறுபாதியில் அதே 16.93 × 19.05 அளவில் ஒரு செவ்வகம், கிடைமட்ட இடம் 16.93. கூகுள் ஸ்லைட்ஸில் இதே முறைதான், அங்கே பாதியின் அகலம் 12.7 செ.மீ.

படத்தின் பக்கவாட்டுப் பிடியை இழுத்து இடத்தை நிரப்புவதை மட்டும் செய்யாதீர்கள். குப்பி குண்டாகிவிடும், முகம் என்றால் இன்னும் மோசம். வட்டமான ஒரு பொருள் படத்தில் முட்டை வடிவில் தெரிந்தால் யாரோ இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இரண்டு பாதிக்கும் நடுவில் இடைவெளி வேண்டாம், கோடு வேண்டாம், நிழல் வேண்டாம். படம் மூன்று பக்கமும் ஸ்லைடின் விளிம்பைத் தொட வேண்டும், நான்காவது பக்கம் நிறத்தளத்தைத் தொட வேண்டும். படத்தை மெதுவாக நிறத்துக்குள் கரைய விடும் வழக்கமும் இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. மோதலுக்காகத்தான் இரண்டாகப் பிரித்தோம். எல்லையைக் கரைத்துவிட்டால் மோதலும் கரைந்துவிடும்.

எந்தப் பக்கம் படம்? தமிழை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம் என்பதால் இடப்பக்கம் இருப்பதைக் கண் முதலில் தொடும். குப்பி கேள்வி, எண் பதில் என்பதால் படத்தை இடப்பக்கம் வைத்தோம். எழுத்து ஒரு கூற்றைச் சொல்லி, படம் அதற்குச் சான்றாக வரும் இடத்தில் எழுத்தை இடப்பக்கம் வையுங்கள். படத்தில் ஆளோ பறவையோ இருந்தால் அதன் பார்வை எழுத்தை நோக்கி இருக்க வேண்டும், ஏனென்றால் படத்தில் இருப்பவர் பார்க்கும் திசையில்தான் நம் கண்ணும் போகும். பார்வை வெளிப்பக்கம் இருக்கிறது என்பதற்காகப் படத்தைக் கண்ணாடி பிம்பம்போலத் திருப்பாதீர்கள். முந்தானை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாறிவிடும், சட்டைப் பொத்தான் பக்கம் மாறும், பின்னால் இருக்கும் கடைப் பலகையின் எழுத்து இடம் வலமாகத் திரும்பித் தெரியும். படத்தை அப்படியே விட்டு, பாதிகளை இடம் மாற்றிக்கொண்டால் போயிற்று.

நிறமும் வெளிச்சமும்

வேறுபாடு என்றதும் சிவப்புக்கு எதிரே நீலம், பச்சைக்கு எதிரே மஞ்சள் என்று நிறங்களைத் தேடுவோம். கண்ணுக்கு முதலில் எட்டுவது நிறமல்ல, வெளிச்சமும் இருட்டும்தான். நல்ல சிவப்பில் நல்ல நீல எழுத்தைப் போட்டுப் பாருங்கள். நிறம் வேறு வேறு, ஆனால் ஒளியளவு அதிகம் விலகாததால் எழுத்து அதிர்வதுபோலத் தெரியும், படிக்கவும் வராது.

இதை அளக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு நிறங்களின் ஒளியளவை எடுத்து விகிதமாகச் சொல்வார்கள். வெள்ளைக்கும் கறுப்புக்கும் 21:1, அதுதான் உச்சம். இணைய அணுகல் தரமான WCAG, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்குக் குறைந்தது 3:1 வேண்டும் என்கிறது. வெள்ளையில் `#777777` என்ற சாம்பல் நிற எழுத்து 4.48:1-இல் நூலிழையில் தோற்றுப்போகும். ஆனால் இவை உட்கார்ந்து திரையில் படிப்பவருக்கான குறைந்தபட்ச அளவுகள். கூடத்தின் கடைசி வரிசையில் இருப்பவருக்கு எழுதும்போது நான் 10:1-க்குக் கீழே போக மாட்டேன்.

நம் ஸ்லைடுக்கு வருவோம். குப்பியின் பின்புலம் கறுப்பும் பழுப்புமாக இருட்டு. ஆகவே எழுத்துப் பாதி வெளிறியதாக இருக்க வேண்டும். வெறும் வெள்ளை கண்ணைக் கூசும் என்பதால் `#F5EBDD` போன்ற ஒரு சந்தன வெள்ளை. எழுத்துக்குப் படத்தின் இருட்டிலிருந்தே ஒரு நிறத்தை எடுத்துக்கொள்ளலாம்: `#2B1D14`, அடர்பழுப்பு. இவை இரண்டுக்கும் விகிதம் கிட்டத்தட்ட 14:1. எழுத்தின் நிறம் படத்திலிருந்தே வந்ததால் இரு பாதிகளும் ஒரே வீட்டைச் சேர்ந்தவை என்று தெரியும். ஒளியளவில் எதிரெதிராக இருப்பதால் நடு எல்லையும் கத்தியால் வெட்டியதுபோல நிற்கும்.

பின்புலத்தை இருட்டாக எடுக்கச் சொன்னது இதற்குத்தான். வெள்ளைச் சுவருக்கு முன்னால் குப்பியை எடுத்திருந்தால், சந்தன வெள்ளைத் தளத்தோடு அது கலந்து, படம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. வெளுத்த வானமுள்ள படங்களில் இந்தத் தொல்லை நிறைய வரும்: கீழே எல்லை தெளிவாக இருக்கும், மேலே காணாமல் போகும். அப்படிப்பட்ட படம்தான் வேண்டும் என்றால் தளத்தை இருட்டாக்கி எழுத்தை வெளிறியதாக மாற்றுங்கள்.

சரி, இருட்டுத் தளம் பார்க்க நன்றாக இருக்கிறதே, எப்போதும் அதையே வைக்கலாமா? கூடத்தைப் பொறுத்தது. புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. கறுப்பு என்றால் அந்த இடத்தில் ஒளி வீசாமல் விடுவதுதான். விளக்கு எரியும் கல்யாண மண்டபத்தில் திரையின் கறுப்பு என்பது, அறை வெளிச்சத்தில் வெள்ளைத் துணி எப்படித் தெரியுமோ அந்தச் சாம்பல்தான். மடிக்கணினியில் 14:1 இருந்தது அங்கே மிகவும் சுருங்கிப்போகும். அடர்நிறத் தளத்தில் மெல்லிய வெள்ளை எழுத்து முதலில் பலியாகும். விளக்கை அணைக்க முடியாத இடம் என்று தெரிந்தால் வெளிர்தளம், அடர் எழுத்து, தடித்த எழுத்துரு. நம் படத்தின் இருட்டுப் பகுதியும் அங்கே கொஞ்சம் வெளுக்கும். குப்பி மட்டும் நன்றாக வெளிச்சம் பட்டிருந்தால் தப்பித்துவிடும்.

சோதிக்க இரண்டு வழிகள் போதும். கண்ணைப் பாதி மூடி ஸ்லைடைப் பாருங்கள். இருட்டாக ஒரு பாதி, வெளிச்சமாக ஒரு பாதி, ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய வடிவம் மட்டும் தெரிந்தால் சரி. அப்புறம் அதன் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். நடு எல்லை மறைந்துபோனால், நிறத்தை நம்பி ஏமாந்திருக்கிறீர்கள்.

எழுத்துப் பாதி

16.93 செ.மீ. அகலத்தில் இரு பக்கமும் 1.7 செ.மீ. ஓரம் விட்டால் மிஞ்சுவது சுமார் 13.5 செ.மீ. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எழுத்துகளும் அகலமானவை. “ஆயிரத்தில்” என்ற ஒற்றைச் சொல்லே, எழுத்துருவைப் பொறுத்து, 60 முதல் 70 புள்ளி அளவில் இந்த இடத்தைப் பெரும்பாலும் நிரப்பிவிடும். எனவே முதல் வரி “ஆயிரத்தில்”, அடுத்த வரி “ஒன்று”. எந்த இடத்தில் வரி உடைய வேண்டும் என்பதை மென்பொருளிடம் விடாமல் நீங்களே Shift + Enter தட்டி உடையுங்கள். இல்லாவிட்டால் சொல்லின் கடைசி எழுத்து மட்டும் அடுத்த வரியில் போய்த் தனியாக விழும்.

வரிகளுக்கு நடுவே இடைவெளி தமிழுக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். மேல் வரியின் கீழே நீளும் உகர, ஊகாரக் கொம்புகளும், கீழ் வரியின் மேலே எழும் இகர, ஈகாரச் சுழிகளும் ஒன்றையொன்று இடிக்கும். தடித்த எழுத்தில் புள்ளி கூட மேல் வரியோடு ஒட்டிக்கொள்ளும். 1.2 மடங்கு வைத்துப் பாருங்கள், இடித்தால் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள்.

தடிமனுக்கு B பொத்தானை மட்டும் நம்ப வேண்டாம். எழுத்துருவில் தடித்த வடிவம் தனியாக இல்லாவிட்டால் மென்பொருள் தானாக மை பூசிக் கனமாக்கும், அப்போது ண, ஞ போன்ற எழுத்துகளின் உள் சுழிகள் அடைபட்டுப்போகும். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான் இரண்டிலும் மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை தனித்தனி வடிவங்கள் உண்டு, இலவசமாகவும் கிடைக்கும்.

பெரிய எழுத்து 66 புள்ளி என்றால் அடியிலுள்ள விளக்க வரி 24 புள்ளி இருக்கட்டும். 66-க்கு எதிரே 48 வைத்தால் இரண்டும் தலைப்புபோலத் தோன்றி, எதை முதலில் படிப்பது என்று கண் தடுமாறும். அளவிலும் மோதல் வேண்டும், சின்ன வரி பெரியதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்க வேண்டும். இரண்டையும் இடப்பக்கமாகச் சீர்செய்து ஒரே ஓரத்தில் நிறுத்துங்கள். மிச்சம் இருக்கும் காலி இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். சின்னம், தேதி, கூட்டத்தின் பெயர் என்று யாராவது நிரப்பச் சொல்வார்கள். அவையெல்லாம் முதல் ஸ்லைடில் வரட்டும்.

எங்கே இது உதவாது

கருத்துக்கு மூன்று முனைகள் இருந்தால் இந்த அமைப்பு தாங்காது. டைக்ளோஃபெனாக்குக்குப் பதிலாகக் கழுகுகளுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகம் இருக்கிறது என்று சொல்லப் போகிறோம் என்றால், அதை இதே ஸ்லைடில் திணிக்காமல் அடுத்ததில் சொல்லுங்கள். ஆண்டுவாரியாக எண்ணிக்கை எப்படிச் சரிந்தது என்பதைக் காட்ட வரைபடம்தான் வேண்டும், அதற்கு முழு ஸ்லைடும் வேண்டும். இருபது ஸ்லைடில் இருபதும் பாதிப் பிரிப்பு என்றால் எதுவுமே தனித்து நிற்காது. ஒரு பேச்சில் இரண்டு மூன்று இடங்களில் வந்தால் போதும், அதுவும் கூட்டம் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டிய இடங்களில்.

பேச்சு முடிந்ததும் ஸ்லைடை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள். 16:9 படத்தைப் போனில் நிமிர்த்திப் பார்த்தால் திரையின் நடுவில் ஒரு பட்டையாகத்தான் தெரியும், 24 புள்ளி வரி எறும்பளவு ஆகிவிடும். அதற்குத் தனியாக 1080 × 1350 பிக்சலில் ஒன்று செய்யுங்கள். பிரிவு இப்போது குறுக்காக வரும்: மேலே படம், கீழே எழுத்து, ஒவ்வொன்றும் 1080 × 675. இந்தப் பாதி 8:5 விகிதம் என்பதால் நிமிர்த்தி எடுத்த குப்பிப் படம் இங்கே பாதிக்கு மேல் வெட்டுப்படும், படுக்கை வாட்டில் எடுத்தது கிட்டத்தட்ட அப்படியே உட்காரும். குப்பியை எடுக்கும்போதே போனைத் திருப்பி இன்னொரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அகலம் கூடியதால் “ஆயிரத்தில் ஒன்று” என்பதை ஒரே வரியிலும் போட்டுப் பார்க்கலாம், ஆனால் இரண்டு வரியில் பெரிதாகப் போட்டதுதான் போன் திரையில் எடுப்பாக இருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எல்லா வரியும் இடம் மாறிவிடும் என்பதால் கோப்பாக அனுப்பாமல், படமாகவோ பிடிஎஃப் ஆகவோ மாற்றி அனுப்புங்கள்.